மூன்று நாள் கெடு, ஒரே வாதம்

புதுதில்லி: கீழ்ப்படியாமைக் குற்றச்சாட்டுடன் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால், பெரும்பாலான அதிகாரிகள் முதலில் வருத்தம் தெரிவிப்பர், அல்லது கோபத்தைக் கொட்டுவர். மேற்கு வங்கத் தலைமைச் செயலாளராக இருந்த ஆலாபன் பந்தோபாத்யாய் 2021 ஜூன் 3-ஆம் தேதி அனுப்பிய பதிலில் இரண்டுமே இல்லை என்பதே தலைநகர வட்டாரங்களில் அது பேசப்பட்டதற்குக் காரணம்.

யாஸ் புயல் சேதங்களை ஆய்வு செய்ய, அதே ஆண்டு மே 28-ஆம் தேதி கலைகுண்டா விமானப்படைத் தளத்தில் பிரதமர் தலைமையில் கூட்டம் நடைபெற்றது. முதல்வர் மம்தா பானர்ஜியுடன் வந்த தலைமைச் செயலாளர், சேத அறிக்கை அளிக்கப்பட்டதும் அவருடனேயே புறப்பட்டுச் சென்றார். பிரதமரும் மற்றவர்களும் சுமார் 15 நிமிடங்கள் காத்திருக்க நேர்ந்தது என்றும், ஆய்வுக் கூட்டத்தைத் தவிர்த்தது மத்திய அரசின் உத்தரவை மீறியதாகும் என்றும் கூறி உள்துறை அமைச்சகம் மே 31-ஆம் தேதி நோட்டீஸ் அனுப்பியது. பதில் அளிக்க மூன்று நாள் அவகாசம். பதவி நீட்டிப்பை ஏற்காமல் அவர் ஓய்வு பெற்றதும் அன்றுதான். ஆனால் ஓய்வு இதற்குக் கேடயமாகாது. நோட்டீஸ் சுட்டியது பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 51-பி பிரிவை. அதன்படி ஓராண்டு வரை சிறைத்தண்டனை விதிக்க முடியும்.

அந்தப் பிரிவில் உத்தரவை மீறுவது மட்டும் குற்றமன்று. 'நியாயமான காரணமின்றி' மீறியிருக்க வேண்டும். எனவே கீழ்ப்படிந்தேனா இல்லையா என்று வழக்காடுவதைவிட, அந்த நேரத்தில் எங்கே, யார் சொல்லி இருந்தேன் என்று காட்டுவதே பயன்தரும். தாம் முதல்வரின் அறிவுறுத்தலின்படி செயல்பட்டதாகவும், புயலால் பாதிக்கப்பட்ட திகாவில் நடந்த ஆய்வுக்கு அவருடன் சென்றதாகவும் ஆலாபன் தெரிவித்ததாகச் செய்திகள் கூறின. அதாவது, ஒரு கூட்டத்திலிருந்து வெளியேறியவர் வீட்டுக்குச் செல்லவில்லை. அதே புயலின் நிவாரணப் பணிக்கே சென்றார். பிரதமர் அலுவலகத்தைப் பற்றிக் குறை கூற வேண்டிய தேவையே எழவில்லை.

இந்த வாதத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மேலதிகாரியின் கட்டளைப்படி நடந்தேன் என்பது, இரு மேலிடங்களும் முரண்படாதவரை வலுவானது. இந்திய ஆட்சிப் பணி அதிகாரி மாநிலத்தில் பணியாற்றினாலும், அவரது பணிக்கட்டுப்பாட்டில் மத்திய அரசுக்கும் பங்கு உண்டு.

பதிலோடு விவகாரம் முடியவில்லை. அதே ஜூன் மாதத்திலேயே மத்திய பணியாளர் துறை தனியாக ஒழுங்கு நடவடிக்கை தொடங்கியது. அதை எதிர்த்து அவர் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் கொல்கத்தா கிளையை நாடினார். வழக்கு தில்லிக்கு மாற்றப்பட்டது. கல்கத்தா உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பை 2022 ஜனவரி 6-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அங்கே விவாதிக்கப்பட்டது எந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் என்பதுதான். கலைகுண்டாவின் 15 நிமிடங்கள் அல்ல.