மன்னிப்பு மடலின் முக்காலம்

மாணவனொருவன் திங்கட்கிழமை ஒப்படையைக் கையளிக்கத் தவறினான். பேராசிரியருக்கு அவன் ஆங்கிலத்தில் வரைந்த மின்னஞ்சல் இது: “ஐ ஹாவ் நொட் சப்மிட்டட் இட் ஒன் மண்டே. யூ மஸ்ட் கிவ் மீ டைம்.”

முடிந்துபோன நாளைச் சுட்டுமிடத்து ‘ஹாவ்’ பொருந்தாது. “ஐ டிட் நொட் சப்மிட் இட் ஒன் மண்டே” என்பதே முறை. நாளைச் சுட்டாது, இன்னமும் கையளிக்கவில்லை என்று மட்டும் கூறின், ‘ஹாவ் நொட்’ சரியே. வருத்தமோ இப்போதும் உள்ளது. ஆதலின் “ஐ ஆம் சொரி” என நிகழ்காலத்தில் அது முதலில் நிற்றல் வேண்டும்.

‘மஸ்ட்’ என்பது கட்டளையாக ஒலிக்கும். “குட் ஐ சப்மிட் இட் பை ஃப்ரைடே?” என வினவினால், நாளும் தெளிவாகும், மறுக்கும் உரிமையும் பேராசிரியரிடமே இருக்கும். அவ்வுரிமையை விட்டுவைப்பதே பணிவு.