அடிவானத்துக்கு மேலா, கீழா?

1962 பிப்ரவரி 5 அன்று காலை விடிவதற்குச் சற்று முன் அமாவாசை. அப்போது சூரியன், சந்திரன், புதன், சுக்கிரன், செவ்வாய், குரு, சனி ஆகிய ஏழும் வானத்தில் இருபது பாகைக்குள் நெருங்கி நின்றன. நம் பஞ்சாங்கப்படி எல்லாம் மகர ராசியில். கேதுவையும் சேர்த்து எண்ணி அதை அஷ்டகிரகச் சேர்க்கை என்றார்கள். உலகம் அழியப்போகிறது என்ற பீதி நாடு முழுவதும் பரவி, ஊர் ஊராக யாகங்களும் கூட்டுப் பிரார்த்தனைகளும் நடந்தன. உலகம் அழியவில்லை. அன்றும் வழக்கம்போலக் குழந்தைகள் பிறந்தன. மேற்கத்திய ஜோதிடத்தில் உள்ள ஒரு விதியைப் புரிந்துகொள்ள அந்தக் குழந்தைகளின் ஜாதகத்தைவிட வசதியான உதாரணம் கிடைப்பது கடினம்.

விதி இதுதான். ஒருவர் பிறந்த நேரத்தில் பெரும்பாலான கிரகங்கள் அடிவானத்துக்கு மேலே இருந்தால் அவர் மனம் வெளியுலகை நோக்கியது: தொழில், சமூகம், பொதுவாழ்க்கை. கீழே இருந்தால் உள்நோக்கியது: வீடு, குடும்பம், சொந்த மனசு. கிழக்குப் பாதியில் குவிந்திருந்தால் தானே தொடங்கி, தானே முடிவெடுப்பவர். மேற்குப் பாதியில் குவிந்திருந்தால் பிறருடைய போக்குக்கு ஏற்ப நடந்து, உறவுகளின் வழியே தன்னைக் கண்டுகொள்பவர்.

மேற்கத்திய ஜாதகம் நம்முடையதைப் போலக் கட்டம் அல்ல, வட்டம். நடுவே கிடைமட்டமாக ஓடும் கோடுதான் அடிவானம். அதன் இடது முனை கிழக்கு, அதாவது லக்னம். வலது முனை மேற்கு. நிலப்படத்தில் கிழக்கு வலப்பக்கம் இருக்கும், இங்கே மாறியிருக்கிறதே என்று தோன்றலாம். தெற்கு நோக்கி நின்று வானத்தைப் பார்ப்பவருக்குக் கிழக்கு இடக்கைப் பக்கம்தான் வரும். வட்டம் அப்படி நிற்பவருக்காக வரையப்பட்டது. வீடுகளை எண்ணினால் ஒன்று முதல் ஆறு வரை அடிவானத்துக்குக் கீழே, ஏழு முதல் பன்னிரண்டு வரை மேலே. உச்சியிலிருந்து நேர் கீழே ஒரு கோடு இழுத்தால் பத்து, பதினொன்று, பன்னிரண்டு, ஒன்று, இரண்டு, மூன்று ஆகியவை கிழக்குப் பாதி. மற்ற ஆறும் மேற்கு.

இனி அந்த பிப்ரவரி 5க்கு வருவோம். சென்னையில் அன்று சூரிய உதயம் ஏறத்தாழ காலை ஆறரை மணி. ஏழு கிரகங்களும் ஒரு கொத்தாக இருப்பதால் சூரியன் போகும் இடத்துக்கெல்லாம் மற்றவையும் முன்னே பின்னே போகும். விடியற்காலை மூன்று மணிக்குப் பிறந்த குழந்தைக்கு ஏழும் அடிவானத்துக்குக் கீழே, கிழக்குப் பாதியில். காலை ஒன்பதுக்குப் பிறந்த குழந்தைக்கு ஏழும் மேலே, அதே கிழக்கில். பிற்பகல் மூன்று மணி என்றால் மேலே, மேற்கில். இரவு ஒன்பது என்றால் கீழே, மேற்கில். நான்கு குழந்தைகளுக்கும் கிரகங்கள் இருக்கும் ராசிகளில் சொல்லும்படியான மாற்றமே இல்லை. சந்திரன் மட்டும் சில பாகை நகர்ந்திருக்கும். ஆனால் விதிப்படி முதலாவது தனக்குள் திட்டமிட்டுத் தானே நடத்துகிற ஆள், இரண்டாவது ஊரறியக் காரியத்தில் இறங்குகிற ஆள், மூன்றாவது பிறர் தருகிற வாய்ப்பில் வெளியே வளர்கிற ஆள், நான்காவது நெருங்கிய சிலருக்காக வாழ்கிற ஆள்.

இதில் ஒளிந்திருப்பது என்ன என்று இந்நேரம் தெரிந்திருக்கும். இந்த விதி அளப்பது பெரும்பாலும் பிறந்த வேளையைத்தான். பகலில் பிறந்தால் சூரியன் மேலே, இரவில் பிறந்தால் கீழே. நள்ளிரவிலிருந்து நண்பகல்வரை சூரியன் கிழக்குப் பாதியில், நண்பகலிலிருந்து நள்ளிரவுவரை மேற்கில். ஏழும் ஒன்றாகச் சேர்வது அபூர்வம்தான், ஆனால் புதனும் சுக்கிரனும் எந்த ஆண்டிலும் சூரியனை விட்டுத் தூரம் போக முடியாதவை. பூமியிலிருந்து பார்க்க, புதன் சூரியனிடமிருந்து 28 பாகைக்கு மேலும் சுக்கிரன் 47 பாகைக்கு மேலும் விலகுவதில்லை. நண்பகலில் பிறந்த எவருக்கும் இந்த மூன்றும் மேலேதான். மேற்கத்தியர்கள் எண்ணும் பத்துக் கிரகங்களில் மூன்று இப்படி ஒரே ஓட்டாக விழுந்துவிடுகின்றன.

யுரேனஸ், நெப்டியூன், புளூட்டோ மூன்றும் வேறு வகைச் சிக்கல். இவை மெல்ல நகர்பவை. ஒரு தலைமுறைக்கே ஏறத்தாழ ஒரே இடத்தில் இருக்கும். 1990 ஜனவரி தொடக்கத்தில் சனி, யுரேனஸ், நெப்டியூன் மூன்றும் மேற்கத்தியக் கணக்கின் மகரத்தில் இருந்தன; சூரியனும் அங்கேதான், புதனும் சுக்கிரனும் அருகிலேயே. அந்த நாட்களில் மதியம் பிறந்த குழந்தைகள் அத்தனை பேருக்கும் குறைந்தது ஆறு கிரகங்கள் மேலே. இத்தனை பேரும் பொதுவாழ்க்கைக்கு ஏங்குபவர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜோதிடர்கள் பொதுவாகப் பத்தில் ஏழு ஒரு பக்கம் இருந்தால் கவனிக்கத் தகுந்த குவிப்பு என்பார்கள். கேட்க வலுவாகத்தான் இருக்கிறது. பத்து நாணயங்களைச் சுண்டிப் பாருங்கள்: ஏழோ அதற்கு மேலோ ஒரே பக்கமாக விழுவதற்கான வாய்ப்பு நூற்றுக்கு 34. ஆக, கிரகங்கள் எதேச்சையாகச் சிதறிக் கிடந்தாலே மூன்று பேரில் ஒருவருக்கு மேல்-கீழ்க் குவிப்பு வந்துவிடும். சூரியனோடு புதனும் சுக்கிரனும் ஒட்டிக்கொண்டு வருவதால் உண்மையில் இன்னும் அதிகம். எட்டோ ஒன்பதோ இருந்தால்தான் பேச ஏதாவது இருக்கிறது என்பது என் கருத்து.

ஏன் மேலே என்றால் வெளியுலகம்? வீடுகளின் பொருளிலிருந்து வந்தது அது. உச்சியில் தொழிலைக் குறிக்கும் பத்தாம் வீடு, நேர் கீழே குடும்பத்தைக் குறிக்கும் நான்காம் வீடு. கிழக்கே தன்னைக் குறிக்கும் ஒன்று, மேற்கே துணையைக் குறிக்கும் ஏழு. நான்கு முனைகளின் பொருளை எடுத்து, அந்தந்தப் பாதி முழுவதற்கும் பூசிவிட்டார்கள். முனைகளுக்குப் பொருந்துவது இடையில் உள்ள வீடுகளுக்குப் பொருந்தவில்லை. அதே பிப்ரவரி 5 காலை ஏழரைக்குப் பிறந்த குழந்தையைப் பாருங்கள். ஏழு கிரகங்களும் அப்போதுதான் எழும்பி, பன்னிரண்டாம் வீட்டில் நிற்கின்றன. விதிப்படி மேல் பாதி, கிழக்குப் பாதி: துணிந்து வெளியே வருகிற ஆள். பன்னிரண்டாம் வீட்டின் பொருளோ தனிமை, ஒதுங்கல், மறைவு. நம் ஜோதிடத்திலும் அது விரய ஸ்தானம். மாறாக, கலையையும் விளையாட்டையும் குறிக்கும் ஐந்தாம் வீடு கீழ்ப் பாதியில் இருக்கிறது. அனுபவமுள்ள ஜோதிடர் இப்படி முரண் வந்தால் வீட்டையே நம்புவார், பாதியை ஓரமாக வைப்பார். புத்தகம் படித்துப் பலன் சொல்பவர்தான் பாதியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கிரகங்கள் ஜாதகத்தில் பரவிக் கிடக்கும் வடிவத்தைக் குணத்தோடு இணைத்து முறைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் அமெரிக்க ஜோதிடர் மார்க் எட்மண்ட் ஜோன்ஸ். 1941இல் வெளியான அவருடைய நூல் ஏழு வடிவங்களைச் சொன்னது. எல்லாக் கிரகங்களும் ஒரு பாதிக்குள் அடங்கினால் அது கிண்ணம். பிறகு வந்த நோயல் டில், ஜோதிடராவதற்கு முன் ஆப்பெரா பாடகர், பாதிகளை உளவியல் நோக்கில் பார்த்தார். கிழக்குக் குவிப்பை அவர் சுதந்திரம் என்று கொண்டாடவில்லை, தற்காப்பு என்று படித்தார். கீழ்ப் பாதிக் குவிப்பு என்றால் பிள்ளைப் பருவத்து வீட்டில் முடியாமல் விட்ட ஏதோ ஒன்று. பலன் சொல்வதற்குப் பதில் கேள்வி கேட்க இவற்றைப் பயன்படுத்தினார் என்பதால் அவருடைய முறையில் ஆபத்து சற்றுக் குறைவு.

இதை மேற்கத்தியச் சரக்கு என்று ஒதுக்கவும் முடியாது. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராகமிகிரரின் பிருகத் ஜாதகத்தில் நாபச யோகங்கள் என்று ஒரு பகுதி உண்டு. ஏழு கிரகங்களும் லக்னம் முதல் ஏழாம் வீடு வரை வீட்டுக்கு ஒன்றாக நின்றால் அது நௌ யோகம், ஓடம். ஏழிலிருந்து லக்னம் வரை நின்றால் சத்ர யோகம், குடை. கீழே மிதப்பது ஓடம், மேலே விரிவது குடை: உருவங்களே பாதிகளைக் காட்டிவிடுகின்றன. நான்கிலிருந்து பத்து வரை என்றால் கூடம், அது மேற்குப் பாதி. பத்திலிருந்து நான்கு வரை என்றால் வில், கிழக்குப் பாதி. ஆனால் நிபந்தனை கடுமை. பெரும்பான்மை போதாது, ஏழு வீட்டிலும் ஏழு கிரகம் வரிசையாக இருக்க வேண்டும். அந்த பிப்ரவரிக் குழந்தைகளில் ஒருவருக்குக்கூட இந்த யோகம் வராது, எல்லாம் ஒரே ராசியில் அடைந்து கிடந்ததால். மேலும் அந்நூல் சொல்லும் பலன் புகழ், சுகம், வறுமை, சிறைக்காவல் வேலை என்கிற மாதிரி. மனிதர் உலகை எப்படிப் பார்க்கிறார் என்ற கேள்வி இருபதாம் நூற்றாண்டில் சேர்ந்தது.

அந்தக் கேள்விக்கு ஜாதகம் பதில் தருகிறதா என்பது சோதிக்கப்பட்டிருக்கிறது. 1985இல் நேச்சர் இதழில் ஷான் கார்ல்சன் வெளியிட்ட ஆய்வில், ஜோதிடர்களுக்கு ஒரு ஜாதகத்தையும் மூன்று பேரின் ஆளுமைத் தேர்வு முடிவுகளையும் தந்து, ஜாதகக்காரர் யார் என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலே மூன்றில் ஒன்று சரியாகும். அதைவிடக் கூடுதலாக வரவில்லை.

இருந்தும் உங்கள் ஜாதகத்தில் பார்க்க ஆசையென்றால், கட்டத்திலேயே பார்க்கலாம். லக்னத்தை ஒன்றாக வைத்து எண்ணுங்கள். ஏழிலிருந்து பன்னிரண்டு வரை மேல் பாதி. பிப்ரவரி 5 நண்பகலில் சென்னையில் பிறந்தவருக்கு மேஷ லக்னம், மகரம் பத்தாம் வீடு, ஆகவே ஏழும் மேலே. அயனாம்சம் பற்றிக் கவலை வேண்டாம். நம் கணக்கிலும் மேற்கத்தியக் கணக்கிலும் லக்னமும் கிரகமும் ஒரே அளவு தள்ளிப்போவதால் அடிவானம் மாறாது.

தவறு நேர்வது லக்ன ராசியிலேயே. லக்னம் அந்த ராசியில் 20 பாகையில் விழுந்து, அங்கே குரு 8 பாகையில் இருந்தால், கட்டத்தில் குரு முதல் வீட்டில், கீழே இருப்பது போலத் தெரியும். உண்மையில் அது ஏற்கெனவே உதித்து அடிவானத்துக்கு மேலே போய்விட்டது. ஏழாம் ராசியில் இதற்கு நேர்மாறு: லக்னத்தைவிடக் குறைந்த பாகையில் இருப்பது மறைந்துவிட்டது, கூடுதல் பாகையில் இருப்பது இன்னும் வானத்தில். அதனால் கட்டத்தை மட்டும் நம்பாமல், ஜாதகத்தில் கிரக ஸ்புடம் என்று அச்சிட்டிருக்கும் பாகைகளை ஒப்பிட வேண்டும். பிறந்த நேரத்தையும் ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். வானம் நான்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை சுழல்கிறது. விடியற்காலையிலோ பொழுது சாயும் நேரத்திலோ பிறந்தவருக்கு ஒரு மணி நேரத் தவறு போதும், சூரியனோடு இன்னும் இரண்டு கிரகங்கள் கோட்டைத் தாண்டிவிடும்.