தாத்தாவின் சோடாபுட்டிக் கண்ணாடி

பழைய மேசை இழுப்பறையைக் குடைந்தபோது அந்தச் சிறுமிக்குத் தாத்தாவின் கண்ணாடி கிடைக்கிறது. நடுவில் புடைத்த, கனமான சில்லுகள். போட்டுப் பார்க்கிறாள். தெரு ஒரேயடியாகக் கலங்கிப்போகிறது. உள்ளங்கையை மூக்கருகே கொண்டுவந்தால் மட்டும் ரேகைகள் பெரிதாக, பளிச்சென்று தெரிகின்றன. 'தாத்தாவுக்குத் தெரு இப்படியா தெரிந்தது?' என்று பாட்டியிடம் கேட்கிறாள்.

இல்லை. அவருக்குத் தெரு தெளிவாகத்தான் தெரிந்தது. அந்தக் காலத்துக் கண்புரை அறுவையில், மங்கிப்போன விழிலென்ஸை அப்படியே எடுத்துவிடுவார்கள். உள்ளே மாற்றாக எதையும் வைப்பதில்லை. அந்த வேலையை மூக்கின் மேல் உட்கார்ந்த கண்ணாடிதான் செய்தது. பேத்தியின் கண்ணிலோ சொந்த லென்ஸ் பத்திரமாக இருக்கிறது. அதற்கு மேல் இன்னொன்று சேர்ந்ததால்தான் தெரு கலங்கியது.

அதன் 'பவர்' எவ்வளவு என்று அவளே கண்டுபிடிக்கலாம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவர் அருகே ஒரு சில்லைப் பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்த வேண்டும். ஓரிடத்தில் ஜன்னலும் வெளியே உள்ள மரமும் தலைகீழாகச் சுவரில் விழும். சில்லுக்கும் சுவருக்கும் இடையே 10 செ.மீ. என்றால், 100-ஐ 10-ஆல் வகுத்தால் +10. விழிலென்ஸ் எடுக்கப்பட்டவர்களின் கண்ணாடி ஏறக்குறைய இந்த அளவில்தான் இருக்கும்.

தெளிவு கிடைத்தது, தொல்லையும் கூடவே வந்தது. எல்லாமே கால்பங்கு பெரிதாகத் தெரிந்ததால், பொருள்கள் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றின. டம்ளருக்கு எட்டுமுன்பே காபி கொட்டியது. நேரான நிலைக்கதவு வளைந்து தெரிந்தது. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, பார்வையைச் சுற்றி வளையம்போல் விழுந்த குருட்டு இடம். ஓரத்திலிருந்து வரும் சைக்கிள் அந்த வளையத்துக்குள் மறைந்து, திடீரென்று கண்முன் குதிக்கும். அதனால் விழியை மட்டும் உருட்டாமல் தலையையே திருப்பிப் பார்க்கப் பழகினார்கள். கூப்பிட்டால் தாத்தா உடம்போடு திரும்பியதற்குக் கழுத்துவலி காரணமல்ல என்று பேத்திக்கு இப்போது புரிகிறது.

கண்ணுக்குள்ளேயே வைக்கும் லென்ஸை லண்டனில் ஹரால்ட் ரிட்லி 1949-இலேயே பொருத்திக் காட்டிவிட்டார். ஆனால் இறக்குமதி லென்ஸின் விலை நம் ஊர் ஏழைகளுக்கு எட்டவில்லை. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992-இல் குறைந்த விலையில் அதைத் தயாரிக்கத் தொடங்கியபின் நிலைமை மாறியது. சோடாபுட்டிக் கண்ணாடியும் மெல்ல மறைந்தது.

உங்கள் வீட்டு இழுப்பறையிலும் ஒரு கண்ணாடி இருந்தால் அதே சுவரில் சோதித்துப் பாருங்கள். 40 செ.மீ. தள்ளிப் படம் விழுந்தால், அது +2.5 பவர் உள்ள வெறும் படிக்கிற கண்ணாடி. எங்கே பிடித்தாலும் படமே விழவில்லை என்றால், அது பெரும்பாலும் கிட்டப்பார்வைக்கான கண்ணாடி.