மூட்டைக்கு எத்தனை மில்லி?

கான்கிரீட்டை இளக்கும் அட்மிக்சர் கேனில் ‘சிமென்ட் எடையில் 0.8 சதவீதம்’ என்றிருந்தால், 50 கிலோ மூட்டைக்கு 400 கிராம். இதையே 400 மில்லி என்று ஊற்றிவிடுவதுதான் சைட்டில் நடக்கும் கோளாறு. திரவம் தண்ணீரைவிடக் கனமானது. கேனில் அடர்த்தி 1.2 என்றிருந்தால் 400-ஐ 1.2 ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 333 மில்லி. ஒரு கன மீட்டருக்கு 350 கிலோ சிமென்ட், அதாவது 7 மூட்டை என்றால், 2,330 மில்லி.

400 மில்லி ஊற்றினால் அளவு 0.96 சதவீதமாகிவிடும். தண்ணீர் மேலே மிதந்து, ஜல்லி அடியில் தங்கினால் மருந்து கூடிவிட்டதோ என்று சந்தேகப்படலாம், இறுகவும் தாமதமாகும். பாட்டில் மூடியால் அளக்காமல், கோடு போட்ட குவளையில் அளந்து, கலவைத் தண்ணீரின் கடைசிப் பங்கோடு சேருங்கள். காய்ந்த சிமென்ட்டில் நேரே ஊற்றக் கூடாது.