கருவாடு விற்க எந்தத் தேடல் சொல்?

நமதூர் கோட்டைப்பட்டினத்துக் கருவாட்டை இணையத்தில் விற்க விரும்பும் சகோதரர்கள், விற்பனைப் பக்கத்திற்கு எந்தச் சொல்லை முதன்மையாக வைப்பது என்று கேட்கிறார்கள்.

கூகுளின் Keyword Planner-இல் 'கருவாடு', 'நெத்திலி கருவாடு', nethili karuvadu ஆகியவற்றைத் தனித்தனியே இட்டுப் பார்ப்போம். தமிழில் தட்டுவோரும் ஆங்கில எழுத்தில் தட்டுவோரும் வெவ்வேறு கணக்கு. விளம்பரத்திற்குச் செலவிடாதவருக்கு மாதத் தேடல் எண்ணிக்கை தோராயமாகவே காட்டப்படும்.

அங்கே Competition குறைவு என்றிருந்தால், அந்தச் சொல்லுக்கு விளம்பரம் கொடுப்போர் குறைவு என்றே பொருள். முதல் பக்கத்தில் எளிதாக இடம் கிடைக்கும் என்று பொருளல்ல.

ஆகவே ஒவ்வொரு சொல்லையும் நாமே கூகுளில் தேடிப் பார்க்க வேண்டும். சமையல் குறிப்புகளே நிறைந்திருந்தால், அதைத் தேடுவோரில் பெரும்பாலோர் வாங்க வந்தவர்கள் அல்லர். சிறிய கடைகளும் முதல் பக்கத்தில் வரும் சொல்லையே, தேடல் குறைவானாலும், தேர்ந்தெடுப்போம்.