நட்டத்துக்கும் ஒரு கெடு தேதி உண்டு

2022 மே மாதத்தில் நூல் விலை உயர்வைக் கண்டித்துத் திருப்பூரின் பனியன் தொழிற்கூடங்கள் இரண்டு நாட்கள் மூடிக் கிடந்தன. பெரிய ஏற்றுமதியாளர்கள் விலையேற்றத்தை ஓரளவு தாங்கினார்கள். பத்துப் பதினைந்து தையல் மெஷின்களை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே பேசிய விலைக்குச் சரக்கை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்த சிறிய யூனிட்டுகள் கையிலிருந்து பணம் போட்டன. அப்படிப்பட்ட ஆண்டு முடிந்து வருமான வரி ரிட்டர்ன் பேச்சு வரும்போது பல உரிமையாளர்களின் வாயிலிருந்து ஒரே வாக்கியம்தான் வரும்: “லாபமே இல்ல, இதுல ரிட்டர்ன் எதுக்கு?”

வரி கட்ட வேண்டியதில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த நட்டத்துக்குச் சட்டம் ஒரு மதிப்புக் கொடுத்திருக்கிறது. வருமான வரிச் சட்டம், 1961-இன் 72ஆம் பிரிவுப்படி, ஓர் ஆண்டில் தீராத தொழில் நட்டத்தை அடுத்த எட்டு ஆண்டுகள் வரை கொண்டுபோய், அந்த ஆண்டுகளில் வரும் தொழில் லாபத்திலிருந்து கழித்துக்கொள்ளலாம். கழித்தது போக மிஞ்சும் லாபத்துக்கு மட்டுமே வரி. இந்த உரிமையோடு 80ஆம் பிரிவு ஒரு நிபந்தனையையும் சேர்த்து வைத்திருக்கிறது. நட்டம் வந்த ஆண்டுக்கான ரிட்டர்னை அதன் கெடு தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும்; இல்லையென்றால் நட்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோக முடியாது.

இது எப்படி நடக்கிறது என்பதை ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தால் எளிதில் விளங்கும். தனிநபர் உரிமையில் நடக்கும் ஒரு தையல் யூனிட். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொண்டவை. 2022-23 நிதியாண்டில் கூலி, வாடகை, நூல், மின்கட்டணம் எல்லாம் போக 6 லட்சம் ரூபாய் நட்டம். மெஷின்களின் தேய்மானம் தனியாக 2.5 லட்சம். உரிமையாளருக்கு வங்கி வைப்புத்தொகையிலிருந்து 1 லட்சம் ரூபாய் வட்டி வந்திருக்கிறது.

முதல் வேலை அந்த ஆண்டுக்குள்ளேயே நடக்கிறது. தொழில் நட்டத்தை அதே ஆண்டின் மற்ற வருமானங்களிலிருந்து கழிக்க வேண்டும்; வட்டி, வாடகை போன்றவை இதில் அடங்கும், சம்பளம் மட்டும் அடங்காது. ஆகவே 1 லட்சம் வட்டி நட்டத்தில் கரைந்து, நட்டம் 5 லட்சமாகிறது. தேய்மானம் 2.5 லட்சம் அப்படியே தனிக் கணக்காக நிற்கிறது. இந்த இரண்டும் அடுத்த ஆண்டுக்குப் போகின்றன. ஆனால் இரண்டுக்கும் விதி ஒன்றல்ல.

5 லட்சம் நட்டத்தை 2023-24 முதல் 2030-31 வரை எட்டு நிதியாண்டுகள் பயன்படுத்தலாம். அதற்குள் தீராத மீதி காலாவதியாகிவிடும். தேய்மானத்துக்கு ஆண்டுக் கணக்கு கிடையாது. தீரும் வரை வந்துகொண்டே இருக்கும். காலவரம்பு உள்ள நட்டம் வீணாகக் கூடாது என்பதால், பின்னால் லாபம் வரும்போது அந்த ஆண்டின் தேய்மானத்தைக் கழித்தபின் பழைய நட்டம் முதலில் கழியும். பழைய தேய்மானம் அதற்குப் பிறகுதான்.

2023-24இல் யூனிட் கொஞ்சம் நிமிர்ந்து 2 லட்சம் லாபம் பார்க்கிறது. அது வரி வரம்புக்குக் கீழேதான் இருக்கிறது, நட்டத்தைக் கழிக்காமலே வரி வராது. அப்படியானால் நட்டத்தை அடுத்த ஆண்டுக்குச் சேர்த்து வைத்துக்கொள்ளலாமா? முடியாது. லாபம் வந்தால் கழித்தே ஆக வேண்டும். எந்த ஆண்டில் கழிப்பது என்று தேர்ந்தெடுக்கும் உரிமை உரிமையாளருக்கு இல்லை. 5 லட்சம் நட்டம் 3 லட்சமாகக் குறைகிறது. தேய்மானம் 2.5 லட்சத்தில் யாரும் கை வைக்கவில்லை.

2024-25இல் ஆர்டர்கள் பெருகி லாபம் 14.5 லட்சம். அதிலிருந்து மீதி நட்டம் 3 லட்சமும் பழைய தேய்மானம் 2.5 லட்சமும் கழிகின்றன. வரிக்குரிய வருமானம் 9 லட்சம். வேறு வருமானம் இல்லை என்று வைத்துக்கொண்டால், அந்த ஆண்டின் புதிய வரி முறைப்படி செஸ் சேர்த்து வரி 41,600 ரூபாய்.

இனி அதே யூனிட், அதே எண்கள். ஒன்றே ஒன்று மாறுகிறது. 2022-23க்கான ரிட்டர்னின் கெடு தேதி, ஆடிட் தேவைப்படாத தொழில்களுக்கு, 2023 ஜூலை 31. உரிமையாளர் ஆகஸ்டு 20ஆம் தேதி தாக்கல் செய்கிறார். வலைதளம் ரிட்டர்னை ஏற்றுக்கொள்கிறது, ஒப்புகைச் சீட்டும் வருகிறது. தாமதமான ரிட்டர்னும் செல்லுபடியாகும் ரிட்டர்ன்தான். அதே ஆண்டின் வட்டியோடு நட்டத்தைக் கழித்ததும் நிற்கும். ஆனால் மிஞ்சிய 5 லட்சம் நட்டம் அங்கேயே முடிந்துவிடுகிறது.

தேய்மானத்தை 80ஆம் பிரிவு தொடுவதில்லை. அது பிழைக்கிறது. ஆனால் முன்னே நிற்க நட்டம் இல்லாததால் 2023-24இன் 2 லட்சம் லாபம் தேய்மானத்தைத் தின்றுவிடுகிறது. மிஞ்சுவது 50 ஆயிரம். 2024-25இல் 14.5 லட்சத்திலிருந்து அந்த 50 ஆயிரம்தான் கழிகிறது. வரிக்குரிய வருமானம் 14 லட்சம், வரி 1,24,800 ரூபாய். இருபது நாள் தாமதத்தின் விலை 83,200 ரூபாய். அந்தத் தாமதம் நடந்து இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் அது தெரியவருகிறது.

இழப்பு இப்படி ஒளிந்திருப்பதே இந்த விதியின் கடுமை. நட்டம் வந்த ஆண்டில் தாமதமானதன் வலியே தெரியாது, ஏனென்றால் கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை. லாப ஆண்டில் பழைய நட்டத்தைக் கழித்து ரிட்டர்ன் போட்ட பிறகு, பெங்களூரில் உள்ள மத்திய பரிசீலனை மையத்திலிருந்து 143(1) பிரிவின்கீழ் அறிவிப்பு வரும். நட்ட ஆண்டின் ரிட்டர்ன் கெடு தாண்டி வந்ததால் கழிவு மறுக்கப்படுகிறது, மீதி வரியை வட்டியோடு கட்டவும் என்று அதில் இருக்கும். இந்தச் சரிபார்ப்பைச் செய்யும் அதிகாரத்தைச் சட்டமே அந்த மையத்துக்குக் கொடுத்திருக்கிறது. கணினி இரண்டு தேதிகளை ஒப்பிட்டாலே போதும்.

கெடு தேதிக்குள் தாக்கல் செய்தவர்களும் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ரிட்டர்னை ஏற்றியதோடு வேலை முடிவதில்லை; ஆதார் ஓடிபி வழியாகவோ வேறு வழியிலோ அதை உறுதி செய்ய வேண்டும். அதற்கு 30 நாள் அவகாசம். அதற்குள் உறுதி செய்தால் ஏற்றிய தேதியே தாக்கல் தேதி. 30 நாளைத் தாண்டினால் உறுதி செய்த தேதிதான் தாக்கல் தேதியாகக் கொள்ளப்படும். ஜூலை 30ஆம் தேதி ஏற்றி, செப்டம்பரில் நினைவு வந்து ஓடிபி போட்டவரின் ரிட்டர்ன் சட்டத்தின் கண்ணில் செப்டம்பர் ரிட்டர்ன். நட்டம் போய்விடும்.

படிவத்திலும் கவனம் வேண்டும். விற்றுமுதலில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டும் எளிய முறைக்கான ITR-4 படிவத்தில் நட்டத்தைக் காட்டவே இடமில்லை. நட்டத்தைப் பதிவு செய்ய வேண்டுமானால் கணக்குப் புத்தகங்கள் வைத்து, ITR-3 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதில் Schedule CFL என்ற அட்டவணை இருக்கிறது. எந்த ஆண்டின் நட்டம், அந்த ஆண்டின் ரிட்டர்ன் எந்தத் தேதியில் தாக்கலானது, இன்னும் எவ்வளவு மீதி என்பது அங்கே வரிசையாக நிற்கும்.

கெடு தேதி எல்லோருக்கும் ஒன்றல்ல. ஆடிட் கட்டாயமான தொழில்களுக்கு அது வழக்கமாக அக்டோபர் 31. அரசு கெடுவை நீட்டித்தால் நீட்டித்த தேதியே கணக்கு. 2024-25க்கு ஆடிட் இல்லாதவர்களின் கெடு 2025 செப்டம்பர் 16 வரை நீண்டது. கெடுவுக்குள் போட்ட ரிட்டர்னில் தவறு இருந்தால் பிறகு திருத்திய ரிட்டர்ன் போடலாம், நட்டம் அதனால் பாதிக்காது. இன்னொரு பயமும் தேவையில்லை: நட்டம் வந்த ஆண்டின் ரிட்டர்ன் சரியான நேரத்தில் போயிருந்தால், அடுத்து வரும் ஏதோ ஓர் ஆண்டில் ரிட்டர்ன் தாமதமானாலும் பழைய நட்டம் அழியாது.

நட்டம் யாருடையது என்பதும் முக்கியம். அதே தொழிலைத்தான் தொடர வேண்டும் என்ற கட்டாயம் இப்போது இல்லை. தையல் யூனிட்டை மூடி மளிகைக் கடை வைத்தவர் கடை லாபத்தில் பழைய நட்டத்தைக் கழிக்கலாம். ஆனால் ஆள் மாறக் கூடாது. மகனைச் சேர்த்துக்கொண்டு யூனிட்டைக் கூட்டு நிறுவனமாக மாற்றினால், தந்தையின் பழைய நட்டத்தை அந்த நிறுவனத்தின் லாபத்தில் கழிக்க முடியாது. நிறுவனம் தந்தைக்குக் கொடுக்கும் சம்பளமும் மூலதன வட்டியும் அவர் கையில் தொழில் வருமானமாகக் கருதப்படுவதால், அவற்றில் அவர் கழித்துக்கொள்ளலாம். உரிமையாளர் இறந்து வாரிசு தொழிலைத் தொடர்ந்தால் மட்டும் நட்டமும் வாரிசுக்குப் போகும்.

கெடுவைத் தவறவிட்டவருக்கு ஒரு வாசல் திறந்திருக்கிறது. உண்மையான இக்கட்டால், எடுத்துக்காட்டாகக் கடும் நோயால், தாமதமானது என்று காட்ட முடிந்தால் 119(2)(b) பிரிவின்கீழ் தாமதத்தை மன்னிக்கக் கோரலாம். 2024 அக்டோபர் 1ஆம் தேதி நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, 1 கோடி ரூபாய் வரையான கோரிக்கைகளை வருமான வரி ஆணையர் நிலையிலேயே முடிவு செய்யலாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும். மருத்துவச் சீட்டு, மருத்துவமனைப் பதிவு போன்ற சான்றுகள் இல்லாமல் ‘வேலைப்பளு’ என்று மட்டும் எழுதும் விண்ணப்பம் தேறுவது கடினம்.

2026 ஏப்ரல் 1 முதல் 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்துக்கு வருமான வரிச் சட்டம், 2025 வந்திருக்கிறது. பிரிவு எண்கள் மாறியிருக்கின்றன. எட்டு ஆண்டு வரம்பும் கெடுவுக்குள் ரிட்டர்ன் என்ற நிபந்தனையும் தொடர்கின்றன. பழைய சட்டத்தின்கீழ் பதிவான நட்டங்களுக்கு மீதமுள்ள ஆண்டுகளும் கிடைக்கும். சென்ற சில ஆண்டுகளில் நட்டம் கண்டவர்கள் தங்கள் கடைசி ரிட்டர்னின் Schedule CFL பக்கத்தைத் திறந்து, அந்த ஆண்டுக்கு எதிரே இருக்கும் தாக்கல் தேதியையும் மீதித் தொகையையும் ஆடிட்டரோடு உட்கார்ந்து இப்போதே சரிபார்க்கலாம். தேதி கெடுவைத் தாண்டியிருந்தால், மன்னிப்பு விண்ணப்பத்துக்கான ஐந்து ஆண்டுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கக்கூடும்.