வெளிநாட்டில் இருந்து வந்த பணத்தை வங்கி நிறுத்தி வைத்தால், கடிதத்தில் என்ன எழுதணும்?

டெல்லி துவாரகாவில் வேலை பார்க்கும் ஒருவருக்கு, ஃபிளாட் அட்வான்ஸ் கட்ட, சிங்கப்பூரில் இருக்கும் அக்கா 18,000 சிங்கப்பூர் டாலர் அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். பணம் வங்கிக்கு வந்துவிட்டது, ஆனால் கணக்கில் ஏறவில்லை. 'சோர்ஸ் ஆஃப் ஃபண்ட்ஸ் விளக்கம் தேவை' என்று ஒரு மெயில் மட்டும் வருகிறது. "அக்கா அனுப்பினதுதான், குடும்பப் பணம்" என்று பதில் போட்டால், பெரும்பாலும் அதே கேள்விதான் திரும்பி வரும்.

வங்கி உண்மையில் என்ன கேட்கிறது?

பணம் யாரிடமிருந்து வந்தது என்பது வங்கிக்கு ஏற்கெனவே தெரியும். அந்தப் பணம் அக்காவின் கைக்கு எப்படி வந்தது என்பதுதான் கேள்வி. பணமோசடி தடுப்புச் சட்டம் 2002-இன் கீழ் வங்கி இதைச் சரிபார்க்க வேண்டும். எதில் சந்தேகம் என்று கிளையில் வெளிப்படையாகச் சொல்லாமல் போகலாம். சந்தேகப் பரிவர்த்தனை பற்றி நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்பினால், அதை வாடிக்கையாளரிடம் சொல்ல வங்கிக்கு அனுமதி இல்லை.

கடிதம் எப்படி இருக்கணும்?

> "என் உடன்பிறந்த சகோதரி, சிங்கப்பூரில் பணிபுரிபவர், தன் சம்பளக் கணக்கிலிருந்து 18,000 சிங்கப்பூர் டாலர் எனக்கு அனுப்பியுள்ளார். இதில் 12,000 டாலர் அவருடைய சம்பளச் சேமிப்பு. மீதி 6,000 டாலர், சென்ற மாதம் அவர் முடித்துக்கொண்ட வைப்புநிதியிலிருந்து வந்தது. இது திருப்பித் தர வேண்டாத அன்பளிப்பு. வீட்டு முன்பணம் செலுத்தப் பயன்படுத்துவேன்."

தேதியும் பரிவர்த்தனை எண்ணும் சேர்த்துக் கையெழுத்திடுங்கள். தொகையை டாலரிலேயே எழுதுங்கள். ரூபாய் மதிப்பு மாற்று விகிதத்தைப் பொறுத்து மாறும்.

கடிதத்தின் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தாள் வேண்டும். உறவுக்கு, பெற்றோர் பெயர் உள்ள இருவரின் பாஸ்போர்ட் நகல். சேமிப்புக்கு, அக்காவின் சம்பளச் சீட்டும் ஆறு மாத ஸ்டேட்மென்ட்டும். 6,000 டாலருக்கு, வைப்புநிதி முடித்த ரசீது. அது இல்லாவிட்டால், ஸ்டேட்மென்ட்டில் திடீரென்று தெரியும் அந்த வரவே அடுத்த கேள்வி ஆகிவிடும்.

எங்கே சிக்கும்?

நோக்கக் குறியீட்டில். குடும்பப் பராமரிப்புக்கு P1301, தனிப்பட்ட அன்பளிப்புக்கு P1302. அக்கா 'குடும்பச் செலவு' என்று குறித்து, நீங்கள் 'அன்பளிப்பு' என்று எழுதினால் இரண்டும் பொருந்தாது. அனுப்பும்போது கொடுத்த விவரத்தை அக்காவிடம் கேட்டு, பணம் அனுப்பியதற்கான வங்கி ஆவணத்தின் நகலையும் வாங்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள். திருப்பித் தரப்போகிற கடனை அன்பளிப்பு என்று எழுதவே கூடாது. வெளிநாட்டில் இருப்பவரிடம் கடன் வாங்க அந்நியச் செலாவணிச் சட்டத்தில் தனி நிபந்தனைகள் உண்டு.

பதிலே வரவில்லை என்றால்?

கடிதம் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்குங்கள். பிறகு வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் எழுத்தில் புகார் செய்யுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.